ரஷ்ய மொழிக்குப் போகும் தேயிலை ஒப்பந்தம்: பொறுப்பு விதிக்கு முன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

குன்னூரில் ஏற்றுமதி செய்பவர்கள் மொழிபெயர்க்க என்னிடம் கொண்டுவரும் ரஷ்ய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இரண்டு பத்தியாக இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ரஷ்யன். விலை, எடை, தர வகை, பேக்கிங் எல்லாவற்றையும் வரிக்கு வரி சரிபார்ப்பார்கள். ஒப்பந்தத்தை மீறினால் யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்லும் பொறுப்பு விதி வந்ததும் "அது வழக்கமா போடுறதுதானே" என்று தாண்டிவிடுவார்கள். தகராறு வந்தால் வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

பொறுப்பு விதியை மொழிபெயர்க்கும் முன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? இரண்டு மொழிப் பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும்? இந்தியச் சட்டம் பொருந்தும், ஆங்கிலப் பிரதியே செல்லும் என்றால் ரஷ்யப் பத்தி பெரும்பாலும் புரிதலுக்கானது. ரஷ்யச் சட்டம், ரஷ்யப் பிரதி என்றால் நீங்கள் எழுதும் வாக்கியம்தான் ஒப்பந்தம்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி தொகைகளையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். 40,000 டாலர் இன்வாய்ஸில் ஒரு கன்டெய்னர் டஸ்ட் தேயிலை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்து லாரி நின்றது, கப்பல் தவறியது, சரக்கு மூன்று வாரம் தாமதம். வாரத்துக்கு அரை சதவீதம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதாவது 600 டாலர். ஏற்றுமதியாளர் அதைக் கட்டத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் வாங்கியவர் கேட்டது 9,000. ஒரு கடைத்தொடருக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு கைவிட்டுப் போனதில் இழந்த லாபம் அது.

"அப்படியெல்லாம் கேட்க முடியாதுன்னு தெளிவா எழுதியிருக்கோமே சார்," என்றார் ஏற்றுமதியாளர். ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் இருந்தது. தாமதத்துக்கு லிக்விடேட்டட் டேமேஜஸ் என்ற முன்மதிப்பிட்ட இழப்பீடு மட்டுமே, அது அபராதம் அல்ல, அதோடு கணக்கு முடிந்தது. கான்சிக்வென்ஷியல் லாஸ், அதாவது பின்விளைவாக வரும் நஷ்டம், எதற்கும் விற்பவர் பொறுப்பல்ல. ஆனால் பொருந்துவது ரஷ்யச் சட்டம், முரண்பட்டால் ரஷ்யப் பிரதி. அந்தப் பிரதியை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தது.

முதலில் அந்த 600 டாலர். லிக்விடேட்டட் டேமேஜஸுக்கு ரஷ்யப் பிரதியில் 'நெவுஸ்தோய்கா' என்று இருந்தது. சொல் சரி. ரஷ்ய சிவில் சட்டத்தின் 330-வது பிரிவு, மீறலுக்காக முன்கூட்டியே குறித்துவைக்கும் தொகையை அப்படித்தான் அழைக்கிறது. அதே பிரிவு ஷ்த்ராஃப் என்ற அபராதத்தையும், பேன்யா என்ற நாள்கணக்குத் தண்டத்தையும் நெவுஸ்தோய்காவுக்குள்ளேயே வைக்கிறது. ஆகவே "இது நெவுஸ்தோய்கா, ஷ்த்ராஃப் அல்ல" என்று அந்த நிறுவனம் எழுதிய வாக்கியம் ரஷ்ய நீதிபதிக்கு ஒன்றும் சொல்லாது. அபராதம் வேறு, முன்மதிப்பிட்ட இழப்பீடு வேறு என்ற பிரிவினை இங்கிலாந்துச் சட்டத்தில் வேரூன்றியது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவே இரண்டையும் ஒன்றாகத்தான் நடத்துகிறது. பழைய ஒப்பந்தங்களைப் பார்த்து எழுதி எழுதி அந்த வரி நம் ஊர்ப் படிவங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உண்மையான ஓட்டை அடுத்ததில். ரஷ்யச் சட்டத்தின் 394-வது பிரிவுப்படி, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், நெவுஸ்தோய்காவைக் கட்டிய பிறகும் அது ஈடுகட்டாத மிச்ச நஷ்டத்தைக் கேட்கலாம். 600 போக 8,400 என்று வாங்கியவர் கணக்குப் போட்டது அதை வைத்துத்தான். நெவுஸ்தோய்காவோடு கணக்கு முடிய வேண்டுமானால் அந்தப் பிரிவே சொல்லித்தரும் வாசகத்தை எழுத வேண்டும்: "நெவுஸ்தோய்கா மட்டுமே வசூலிக்கலாம், நஷ்டம் வசூலிக்க முடியாது". வக்கீல்கள் இதை இஸ்கிலுசீத்தெல்னயா நெவுஸ்தோய்கா என்பார்கள். ஆங்கில மூலத்தில் "அதோடு கணக்கு முடிந்தது" என்ற கருத்து இருந்ததே, அதற்கு நேரான ரஷ்ய வடிவம் இதுதான். அந்த நிறுவனமோ "முழுத் திருப்தியாக" என்று எழுதி வைத்திருந்தது. படித்தால் மனத்திருப்தி பற்றிப் பேசுவது போல இருக்கும்.

அப்புறம் கான்சிக்வென்ஷியல் லாஸ். இதற்கு 'கோஸ்வென்னியே உபீத்கி', அதாவது மறைமுக நஷ்டம் என்று எழுதியிருந்தார்கள். அகராதியில் அப்படித்தான் இருக்கும். சிவில் சட்டத்தின் 15-வது பிரிவு நஷ்டத்தை இரண்டாக மட்டுமே பிரிக்கிறது. ஒன்று கையிலிருந்து போனது, ரெயால்னி உஷேர்ப். மற்றது வரவேண்டியிருந்து வராமல் போன லாபம், உபூஷென்னயா வீகதா. மறைமுக நஷ்டம் என்று மூன்றாவது பெட்டி அதில் இல்லை. வாங்கியவரின் வக்கீல் கேட்டதும் அதைத்தான்: "எங்கள் கட்சிக்காரர் இழந்தது உபூஷென்னயா வீகதா. உங்கள் ஒப்பந்தத்தில் அது விலக்கப்பட்டதாக எங்கே இருக்கிறது?"

ரஷ்யச் சட்டம் என்று எழுதியதில் இன்னொன்றும் கூடவே வருகிறது. சர்வதேச விற்பனை பற்றிய 1980-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் ரஷ்யா இருக்கிறது, இந்தியா இல்லை. ரஷ்யச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், வேண்டாம் என்று விலக்கி எழுதாதவரை, அந்த உடன்படிக்கையும் பொருந்தும். அதன் 74-வது பிரிவு நஷ்டத்தில் இழந்த லாபத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. எந்த வழியில் போனாலும் அந்த 9,000 வாசலில் வந்து நிற்கும். மண்சரிவைக் காட்டித் தப்பிக்கவும் வழி குறைவு. அந்த வாரம் கோத்தகிரி சாலை திறந்திருந்ததே என்று எதிர்த்தரப்பு கேட்டுவிட்டது. அசாதாரணமானதாக மட்டும் இருந்தால் போதாது, தவிர்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது ரஷ்ய சிவில் சட்டத்தின் 401-வது பிரிவு.

கடைசியில் பேசி, இடையில் ஒரு தொகைக்கு முடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தின் ரஷ்யப் பத்தி என்னிடம் வந்தது.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எல்லை தாண்டக் கூடாது. கான்சிக்வென்ஷியல் லாஸ் என்ற இடத்தில் நானாக "உபூஷென்னயா வீகதா விலக்கப்படுகிறது" என்று எழுதினால் அது ஒரு தரப்புக்குச் சாதகமாக ஒப்பந்தத்தைத் திருத்துவது. அந்த ஆங்கிலச் சொல் எல்லா லாப இழப்பையும் குறிக்காது. மீறலின் நேரடி விளைவாக வரும் லாப இழப்பு அதற்கு வெளியே நிற்கும். ஆகவே ஒரு பக்கக் குறிப்பு எழுதி இரண்டு தரப்புக்கும் அனுப்பினேன். கேட்டவை இவ்வளவுதான்: இழந்த லாபத்தை விலக்குவதுதான் நோக்கமா? வியன்னா உடன்படிக்கை வேண்டுமா, வேண்டாமா? இருவரும் வக்கீலைக் கேட்டுப் பதில் எழுதிய பிறகே அந்த விதியைத் தொட்டேன். ஆங்கிலப் பத்தியையும் அதற்கேற்பத் திருத்தச் சொன்னேன். வேண்டுமென்றே செய்த மீறலுக்கான பொறுப்பை முன்கூட்டியே விலக்கினால் அது செல்லாது என்ற 401-வது பிரிவின் வரியையும் குறிப்பில் சேர்த்தேன்.

தகராறு எங்கே தீர்க்கப்படும் என்ற வரியிலும் ஒரு பெரிய பிழை இருந்தது. ஆங்கிலத்தில் மாஸ்கோவில் ஆர்பிட்ரேஷன். ரஷ்யப் பத்தியில் 'மாஸ்கோ நகர அர்பித்ராஷ்னி சூத்'. ஒலி ஒத்துப்போவதால் கண் ஏமாந்துவிடும். ரஷ்யாவில் அர்பித்ராஷ்னி சூத் என்பது வணிக வழக்குகளை விசாரிக்கும் அரசு நீதிமன்றம். நடுவர் மன்றம் என்றால் த்ரெதேய்ஸ்கி சூத். நடுவர் தீர்ப்பை 1958 நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் இந்தியாவில் நிறைவேற்றிக்கொள்ளலாம். நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த வழி கிடையாது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. ரஷ்ய வர்த்தக, தொழில் சபையின் கீழ் இயங்கும் சர்வதேச வணிக நடுவர் மன்றத்தின் ரஷ்யப் பெயரிலேயே 'அர்பித்ராஷ்னி சூத்' இருக்கிறது. முன்னால் உள்ள 'சர்வதேச வணிக' என்ற சொற்களும், பின்னால் உள்ள சபையின் பெயரும்தான் அதை அரசு நீதிமன்றத்திலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. இடம் போதவில்லை என்று பெயரைச் சுருக்கினால் மன்றமே மாறிவிடும். அந்த மன்றம் தானே வெளியிட்டிருக்கும் மாதிரி விதியிலிருந்து பெயரை எழுத்து மாறாமல் எடுத்துப் போடுவதுதான் என் வழக்கம்.