தடிப்பே இல்லாத அரிப்பு

உள்ளங்கையும் உள்ளங்காலும் நமைக்கும். ராத்திரியில் கூடும். தோலில் தடிப்போ கொப்புளமோ இருக்காது. இருப்பதெல்லாம் சொறிந்த கீறல்தான். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இப்படி வந்தால் பெரும்பாலும் அலர்ஜி மாத்திரைதான் கிடைக்கும். அது தூக்கம் தருமே தவிர இந்த அரிப்பை அடக்காது. களிம்பு மாற்றுவதற்கு முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று பார்க்க வேண்டும்.

அதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருந்து, ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருளும் இருந்தால், அநேகமாக அது பி.பி.சி. எனப்படும் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். நம் எதிர்ப்பு சக்தியே கல்லீரலுக்குள் இருக்கும் சிறிய பித்தக் குழாய்களை அழிக்கும் நோய். மஞ்சள் காமாலை தெரிவதற்குப் பல வருடம் முன்பே அரிப்பு வந்துவிடலாம்.

அடிப்படை மருந்து அர்சோடியாக்சிகோலிக் அமிலம்; எடையில் கிலோவுக்கு தினம் 13 முதல் 15 மி.கி. 60 கிலோ எடை என்றால் 900 மி.கி., அதாவது 300 மி.கி. மாத்திரை மூன்று. இது நோயின் வேகத்தைக் குறைக்கும், அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. இதைச் சொல்லாமல் விட்டால், "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அரிப்புக்கு முதலில் தருவது கோலஸ்டிரமின் பொடி. குடலில் பித்த உப்பைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். சிக்கல் என்னவென்றால், கூடவே போடும் மாத்திரைகளையும் அது பிடித்துக்கொள்ளும். அந்த 60 கிலோ பெண்ணுக்கு தைராய்டு மாத்திரையும் உண்டு என்று வையுங்கள். இந்த நோயில் அது சகஜம். காலை உணவுக்கு முன் 4 கிராம் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறார். போதாவிட்டால் சாப்பிட்ட பின் இன்னொரு 4 கிராம். இரவு முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தம் அந்த நேரத்தில்தான் குடலுக்கு இறங்கும். அர்சோ மாத்திரைகளை ராத்திரிச் சாப்பாட்டோடும், தைராய்டு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் படுக்கப் போகும்போதும் மாற்றிக்கொண்டால் மோதல் இல்லை. பொடிக்கும் மற்ற மருந்துக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். மலச்சிக்கல் வரும், தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும்.

இதிலும் அடங்காவிட்டால் ரிஃபாம்பிசின், 150 மி.கி.யில் தொடங்கி. "எனக்கு டி.பி.யா?" என்று பயப்பட வேண்டாம், இங்கே அது அரிப்புக்காக. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தால். ஆனால் இதுவே கல்லீரலைக் கெடுக்கவும் கூடும் என்பதால், தொடங்கிய சில வாரங்களில் மறுபடி ரத்தம் பார்க்காமல் தொடரக் கூடாது. கண் மஞ்சளானால் அது மருந்தின் நிறமல்ல. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பி.எஸ்.சி., அதாவது பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் என்ற பித்தக் குழாய் நோய், இதிலிருந்து வேறு. அதில் பெரிய குழாய்களும் தழும்பேறிச் சுருங்கும்; ஆண்களுக்கு அதிகம், பெருங்குடல் புண் நோயோடு சேர்ந்தே வருவது வழக்கம். ஏ.எம்.ஏ. பொதுவாக இருக்காது, எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் குழாய் மணி கோத்தாற்போலத் தெரியும். அர்சோவை கிலோவுக்கு 28 முதல் 30 மி.கி. வரை ஏற்றிப் பார்த்த ஆய்வில் கெடுதலே அதிகமானது. இவர்களுக்கு அரிப்பு திடீரெனக் கூடி, மஞ்சள் காமாலையோ குளிர் காய்ச்சலோ சேர்ந்தால் பொடியை ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது. குழாய் ஒரு இடத்தில் அடைபட்டிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். காய்ச்சல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அடைப்பு இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக பலூன் வைத்து விரிப்பார்கள், அங்கிருந்து செல் மாதிரியும் எடுப்பார்கள்.