நகத்தில் விழும் கருங்கோடு: வேரிலிருந்து வாசித்தல்

மருதமுனையில் கைத்தறி நெய்யும், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவருடைய வலது கைப்பெருவிரல் நகத்தில், அதன் அடியை மூடியிருக்கும் அடித்தோலிலிருந்து நுனிவரை பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கபிலக் கோடு இருக்கிறது. வலி இல்லை. தறியில் நசுங்கியிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பெருநாளுக்கு இட்ட மருதோண்டியின் மிச்சம் என்பாரும் உண்டு. மருதோண்டி நகத்தின் மேற்பரப்பு முழுவதிலும் படியுமே தவிர, ஓரங்கள் தெளிவான ஒற்றைக் கோடாக நிற்பதில்லை. ஆகையால் அதை எளிதில் ஒதுக்கிவிடலாம். நசுங்கல் என்ற விளக்கத்தைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நாம் காணும் நகத்தகடு உயிரற்றது. அதை உருவாக்கும் உயிருள்ள பகுதி, நகத்தின் அடியிலுள்ள தோல்மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் நகவேர் ஆகும். பெருவிரலில் தெரியும் வெள்ளைப் பிறை அதன் முன்விளிம்பு. நகவேரில் மெலனின் என்னும் கருநிறமியை உண்டாக்கும் கலங்கள் சில இருக்கின்றன. பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் இக்கலங்கள் ஓரிடத்தில் விழித்துக்கொண்டாலோ, எண்ணிக்கையில் பெருகினாலோ, அவ்விடத்தின் வழியாக உருவாகும் நகம் நிறமேறியே வெளிவருகிறது. நகம் இடைவிடாது முன்னோக்கி வளர்வதால், வேரிலுள்ள ஒரு புள்ளி நகத்தில் நீண்ட கோடாகிவிடுகிறது.

இரத்தக்கட்டு அப்படியன்று. அக்கரைப்பற்றில் ஒரு மேசனின் சுட்டுவிரலில் சுத்தியல் விழுந்து, நகத்தின் கீழ் ஊதாக் கறுப்பாக இரத்தம் உறைந்தால், அது ஒருமுறை நடந்து முடிந்த சம்பவம். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்கிறது. எனவே கறை அடித்தோலின் ஓரத்தை ஒட்டியிருக்கும்போது எடுத்த கைபேசிப் படத்தையும் இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், கறை ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் முன்னகர்ந்திருக்கும். அதன் பின்னால் புதிய வெள்ளை நகம் வளர்ந்திருக்கும். நெசவாளரின் கோட்டுக்குப் பின்னால் அத்தகைய வெள்ளை இடம் எப்போதும் வராது, ஏனெனில் வேர் இன்னும் நிறத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. எனினும் நகத்தின் கீழுள்ள கட்டியிலிருந்தும் இரத்தம் கசியலாம் என்பதால், நகராத கறையையும் அடிபடாமலே திரும்பத் திரும்ப வரும் கறையையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கோடு என்றாலே, நிறமிக் கலங்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய் என்று எண்ணிவிடக்கூடாது. கறுத்த தோலுடைய நம்மவரில், வயது ஏற ஏறப் பல விரல்களில் மெல்லிய, சீரான கோடுகள் தோன்றுவது இயல்பானது. கர்ப்பம், சில மருந்துகள், விற்றமின் பி12 குறைபாடு, நகமடிப்பை ஓயாமல் கடிக்கும் பழக்கம் ஆகியனவும் நிறமிக் கலங்களை எழுப்பிவிடும். ஒரே ஒரு விரலில், நடுவயதுக்குப் பின், குறிப்பாகக் கைப்பெருவிரலிலோ கால்பெருவிரலிலோ புதிதாகத் தோன்றும் கோடுதான் வைத்தியரை உற்றுப் பார்க்க வைக்கிறது.

அவர் எதைப் பார்க்கிறார்? முதலில் அகலம். நெசவாளரின் நகம் 12 மில்லிமீற்றர் நீளம் என்றால், அதன் நுனி சுமார் 4 மாதங்களுக்கு முன் வேரிலிருந்து வெளிவந்தது. நுனியில் கோடு 1.5 மில்லிமீற்றரும் அடியில் 3 மில்லிமீற்றரும் இருந்தால், நிறமியை உண்டாக்கும் இடம் அந்த 4 மாதங்களில் இருமடங்கு அகன்றிருக்கிறது. பழைய படமொன்றும் இல்லாமலே நகம் தன் வரலாற்றைத் தானே காட்டிவிடுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம். அடுத்து, நிறம் நகத்தைத் தாண்டி அடித்தோலிலோ பக்கத்தோலிலோ பரவியிருக்கிறதா என்று பார்ப்பார். மெல்லிய அடித்தோலின் ஊடாகக் கீழேயுள்ள கோடு தெரிவதும் தோலே கறுத்திருப்பதும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். ஒளியுடன் கூடிய உருப்பெருக்கியான டேர்மொஸ்கோப் அவற்றைப் பிரித்தறிய உதவும். ஒரே கோட்டுக்குள் இழைகள் வெவ்வேறு நிறத்திலும் இடைவெளியிலும் ஒழுங்கின்றி ஓடுவதையும் அது காட்டும். நகம் வெடித்தாலோ கோட்டின்மேல் புண் வந்தாலோ தாமதிக்கவே கூடாது.

சந்தேகம் நீங்காவிட்டால் பயொப்ஸி செய்வார்கள். நகத்தை வெட்டி அனுப்புவது இதற்குப் போதாது, ஏனென்றால் நிறமிக் கலங்கள் அங்கே இல்லை. விரலை மரக்கச்செய்து, தோல்மடிப்பை விலக்கி, கோடு தொடங்கும் வேர்ப்பகுதியிலிருந்தே சிறு துண்டை எடுக்க வேண்டும். அதன்பின் நகம் மெலிந்தோ பிளந்தோ வளரக்கூடும் என்பதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்வார்கள். மெலனோமா தோலின் மேற்படையைத் தாண்டவில்லையெனில், நகத்தை அதன் வேரோடும் கீழுள்ள தோல்படுக்கையோடும் அகற்றி, வேறிடத்துத் தோலை ஒட்டி, விரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆழத்துக்கு இறங்கியிருந்தால் விரல்நுனியையே எடுக்க நேரலாம்.