ஒரே போன், இரண்டு சிப்

2022-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்22 இந்தியாவில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப்போடு விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 2200. பெட்டியும் பெயரும் ஒன்றுதான். சிப்பில் என்ன வித்தியாசம் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதலில் மோடம். டவரோடு பேசும் மோடத்தைத் தனிக் கணினி என்றே சொல்லலாம். அதற்கென்று பிராசஸரும் மென்பொருளும் உண்டு. நாமோ சிக்னல் கோடுகளை மட்டும் எண்ணுகிறோம். 2023 மார்ச்சில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு, எக்ஸினோஸ் மோடம்களில் 18 ஓட்டைகள் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் நான்கு படுமோசம்: உங்கள் எண் தெரிந்தால் போதும், நீங்கள் எதையும் தொடாமலேயே ஒருவர் இணையம் வழியாக மோடத்துக்குள் நுழையலாம். பேட்ச் வரும்வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்டியையும் அணைத்து வைக்கச் சொன்னார்கள். பாதிக்கப்பட்ட போன்களின் பட்டியலில் எக்ஸினோஸ் எஸ்22 இருந்தது. அதே மோடம் குடும்பத்தைப் பயன்படுத்தும் பிக்சல் 6, 7 போன்களும் இருந்தன. குவால்காம் மோடத்தில் ஓட்டையே வராது என்று அர்த்தமில்லை; அவர்களும் மாதாமாதம் திருத்தங்கள் வெளியிடுகிறார்கள். எந்த மோடமானாலும் திருத்தம் எவ்வளவு சீக்கிரம் உங்கள் கைக்கு வருகிறது என்பதையும் தரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்புறம் கிராஃபிக்ஸ். எக்ஸினோஸ் 2200-இல் ஏஎம்டி வடிவமைப்பில் வந்த எக்ஸ்கிளிப்ஸ் 920, ஸ்னாப்டிராகனில் அட்ரினோ 730. இந்த வன்பொருளிடம் வேலை வாங்குவது டிரைவர். அது இரண்டு துண்டாக இருக்கும்: ஒன்று ஆண்ட்ராய்டின் அடித்தளமான கெர்னலுக்குள், இன்னொன்று ஆப் பக்கத்தில். அட்ரினோவின் ஆப் பக்கத் துண்டை, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் எழுதும் மேசா திட்டத்தினர் திறந்த மூலமாகத் தாங்களே எழுதியிருக்கிறார்கள், பெயர் டர்னிப். வேறு கருவிகளுக்கான கேம்களைப் போனில் ஓட்டும் சில எமுலேட்டர் ஆப்கள், போனை ரூட் செய்யாமலே டர்னிப்பைத் தங்களுக்குள் ஏற்றிக்கொள்ளும். அதனால் கம்பெனி அப்டேட் நின்ற பிறகும் அட்ரினோ போனில் எமுலேட்டர் கேம்களுக்குப் புது டிரைவர் கிடைக்கிறது. எக்ஸ்கிளிப்ஸ்காரர்கள் பெரும்பாலும் போன் அப்டேட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். உங்கள் போனில் என்ன டிரைவர் ஓடுகிறது என்று, போனில் யுஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, adb கருவி உள்ள கணினியிலிருந்து பார்க்கலாம்:

```
adb shell "dumpsys SurfaceFlinger | grep GLES"
```

சரி, அப்டேட்? எஸ்22-இன் இரண்டு வகைக்கும் சாம்சங் ஒரே வாக்குறுதிதான் தந்தது: நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள். ஆனால் போன் கம்பெனி மனது வைத்தால் மட்டும் போதாது. மோடம் மென்பொருளும் டிரைவரும் சிப் கம்பெனியின் கையில் இருக்கின்றன. நெதர்லாந்தின் ஃபேர்போன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. ஃபேர்போன் 2-இல் இருந்த ஸ்னாப்டிராகன் 801-ஐ ஆண்ட்ராய்டு 7-க்குக் கொண்டுபோக குவால்காம் உதவவில்லை. அந்தச் சின்ன நிறுவனமே உட்கார்ந்து வேலையை முடித்தது. 2023-இல் ஃபேர்போன் 5 செய்தபோது வழக்கமான போன் சிப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று குவால்காம் விற்கும் க்யூசிஎம்6490-ஐ எடுத்தார்கள். வேகத்தில் அது நடுத்தரம்தான், ஆனால் அதற்கான ஆதரவுக் காலம் நீளமானது.