கார்டை மூடுகிறீர்களா? வீட்டுக்கடன் கையெழுத்தாகும் வரை பொறுங்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். நல்ல சம்பளம், தெரிந்து ஒரு தவணையும் தவறவிடாதவர். வீட்டுக்கடனுக்காக என்னிடம் வந்தார். சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு முன்பிருந்ததைவிட ஸ்கோர் நன்றாகவே இறங்கியிருக்கிறது. “நடுவில என்ன பண்ணீங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல சார், ஒரு கிரெடிட் கார்டை க்ளோஸ் பண்ணேன். சும்மா வச்சிருந்ததுக்கு 2,950 ரூபாய் கேட்டாங்க” என்றார்.

2,500 ரூபாய் ஆண்டுக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோபம் நியாயம்தான். ஆனால் மூடிய நேரமும் விதமும்தான் தப்பு.

அவரிடம் இரண்டு கார்டு. மூடியதற்கு 3 லட்சம் வரம்பு, மிச்சமிருப்பதற்கு 60,000. மாதச் செலவு சுமார் 36,000, எல்லாம் சின்னக் கார்டில்தான். முன்பு 3,60,000 வரம்பில் 36,000, அதாவது 10 சதவீதம். இப்போது அதே 36,000, வரம்பு 60,000, ஆகவே 60 சதவீதம். ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுகிறவர் கண்ணுக்கு, கடனை நம்பி வாழும் ஆளாகத் தெரிகிறார். செலவை வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

“நான்தான் மாசாமாசம் முழுசா கட்டிடறேனே சார்?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முழுதாகக் கட்டினால் வட்டி கிடையாது, தாமதக் குறியும் விழாது. ஆனால் சிபிலுக்கு வங்கி அனுப்புவது ஒரு குறிப்பிட்ட நாளின் பாக்கித் தொகையை. பெரும்பாலும் அது பில் போடும் தேதியின் தொகை. நீங்கள் கட்டுவதோ அதற்குப் பதினைந்து, இருபது நாள் கழித்து. கட்டி முடித்தாலும் சிபிலுக்குப் போன புகைப்படத்தில் இருப்பது 36,000தான். பில் தேதிக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் புகைப்படமே மாறும். (பழைய கார்டை மூடினால் வரலாறு அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. மூடிய கணக்கும் பல ஆண்டுகள் அறிக்கையில் இருக்கும், அதற்கு உடனடியாக அஞ்ச வேண்டாம்.)

அப்புறம் ஆட்டோபே. இவர் கதையில் எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். மூடச் சொல்லி போன் செய்துவிட்டு, கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து ஓடிடி சந்தா 649 ரூபாய் அதே கார்டில் பற்று ஆனது. பாக்கி இருந்தால் கணக்கை மூட மாட்டார்கள். பில் வந்தது, “மூடிய கார்டுதானே” என்று இவர் திறந்தே பார்க்கவில்லை. 649 ரூபாய்க்காக அறிக்கையில் தவணை தவறியதாக ஒரு குறி. அதைக் கட்டிய பிறகுதான் கார்டு மூடப்பட்டது.

இன்னொருவருக்கு நேர்மாறு. கார்டு ஒழுங்காக மூடப்பட்டது, ஆனால் மருத்துவக் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம் அந்தக் கார்டில்தான் போய்க்கொண்டிருந்தது. பணம் போகாததை அவர் கவனிக்கவேயில்லை. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி தப்பும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவுக்குப் பணம் வராது. நல்லவேளை, யாரும் சேரவில்லை.

ஆகவே முதலில் கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வரி வரியாகப் பாருங்கள். மூன்று மாதம் பார்த்தால் போதாது, வருடத்துக்கு ஒருமுறை போகும் பிரீமியமும் டொமைன் கட்டணமும் அதில் சிக்காது. ஒவ்வொன்றையும் வேறு கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ மாற்றி, புதிய இடத்தில் ஒருமுறையாவது பணம் போனதைப் பார்த்த பிறகுதான் மூடும் பேச்சு. இஎம்ஐ ஓடினால் அதை முடியுங்கள், ரிவார்டு புள்ளிகளைச் செலவழியுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு போன் போட்டு, கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா, கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், பல நேரம் கிடைக்கிறது. வரம்பும் கையைவிட்டுப் போகாது.

கிடைக்காவிட்டால் மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. மூடியதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்து சிபில் அறிக்கையில் ‘Closed’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘Settled’ என்றிருந்தால் அது வேறு விஷயம், பாக்கியை வங்கி குறைத்து வாங்கிக்கொண்டது என்று பொருள். தவறாக விழுந்திருந்தால் உடனே புகார் கொடுங்கள்.

என்னிடம் வந்தவர் இரண்டு பில் சுற்றுக்கு, பில் தேதிக்கு நான்கு நாள் முன்பே பணம் கட்டினார். ஸ்கோர் மேலே வந்தது. 649 ரூபாய்க் குறி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறது கடன் தரும் வங்கி, நேற்றுதான் எழுதிக் கொடுத்தோம்.