29 எம்பி கோப்பு, 1 ஜிபி சுமை: கற்சிற்பத்தைக் கைப்பேசியில் நிறுத்துவது எப்படி?

அண்மையில் என்னிடம் ஒரு கோப்பு வந்தது. ஒரு மீட்டர் உயரமுள்ள கற்சிற்பம். 200-க்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைக் கொண்டு முப்பரிமாண வடிவமாக்கியிருந்தார்கள். கேமரா காட்சிக்குள் சிற்பம் நிற்பது போலக் காட்டும் ஏ.ஆர். செயலியில் வைத்தால் விலை உயர்ந்த கைப்பேசியில் தெரிகிறது. நடுத்தர விலைக் கைப்பேசிகளில் சிற்பம் தோன்றும் நொடியில் செயலி மூடிக்கொள்கிறது. "கோப்பை 29 எம்பிக்குச் சுருக்கிவிட்டோம், இன்னும் எவ்வளவு சுருக்குவது?" என்று கேட்டார்கள். கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது. கோப்பின் அளவு தரவிறக்க நேரத்தைத்தான் தீர்மானிக்கும். திறந்த பிறகு கைப்பேசி சுமப்பது வேறொரு எடை.

அந்தக் கோப்பில் சிற்பத்தின் பரப்பு 15 லட்சம் முக்கோணங்களால் ஆகியிருந்தது. சிற்பத்தின் மேல் போர்த்தும் நிறப் படங்கள் நான்கு. ஒவ்வொன்றும் 8192 × 8192 பிக்சல் JPEG. வட்டில் அவை சில எம்பிதான். ஆனால் கிராபிக்ஸ் சில்லுக்கு JPEG புரியாது. படம் முழுவதையும் பிக்சலுக்கு 4 பைட் வீதம் விரித்துத்தான் அதனிடம் கொடுக்க வேண்டும். 8192 × 8192 × 4 என்றால் ஒரு படத்துக்கு 256 எம்பி. நான்கு படங்களுக்கு 1 ஜிபி. தூரத்துப் பார்வைக்கென உருவாகும் சிறிய பிரதிகளுக்கு (மிப்மேப்) இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். முக்கோணங்களைக் கணக்கிட்டால் எல்லாம் சேர்த்து 50 எம்பிகூட வரவில்லை. அவர்களோ ஒரு வாரமாக முக்கோணங்களைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள்!

அப்படியானால் எவ்வளவு பெரிய படம் போதும்? இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். பயனர் ஒரு மீட்டர் தள்ளி நின்று கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையின் அகலம் 1080 பிக்சல்; அதில் சுமார் 80 செ.மீ. அகலக் காட்சி அடங்கும். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். சிற்பத்தின் மொத்தப் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்றால், 2048 × 2048 படம் ஒன்றே அந்த நுணுக்கத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. முகத்தருகே குனிந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால் முகப் பகுதிக்கு மட்டும் படத்தில் கூடுதல் இடம் ஒதுக்கலாம். முதுகுப் பக்கக் கரடுமுரடான கல்லுக்கும் முகத்துக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பது வீண்.

அடுத்து, முக்கோணங்கள். 15 லட்சத்தை 60,000 ஆக்கினேன். நினைவகத்தை நிரப்பாவிட்டாலும், அவை ஒவ்வொரு பிரேமிலும் கணக்கிடப்படுவதால் சூட்டைக் கூட்டுகின்றன. எண்ணிக்கையைக் குறைப்பது எளிது. எங்கே குறைப்பது என்பதில்தான் கண் வேண்டும். மூக்கு, விரல்கள், தோள் வளைவு போல வெளிக்கோடாகத் தெரியும் இடங்களில் முக்கோணங்களை விட்டுவைக்க வேண்டும். ஆடை மடிப்பு, அணிகலன்களின் கொத்துவேலை, உளித்தடம் ஆகியவற்றை நார்மல் மேப் என்னும் படத்தில் பதித்துவிடலாம். பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்தப் படம் பிக்சல் பிக்சலாகச் சொல்வதால், தட்டையான இடத்திலும் ஒளி பள்ளம் மேடாக விழும்.

குறைத்த பிறகு, படத்தைப் போர்த்துவதற்காகப் பரப்பைப் புதிதாக வெட்டித் தட்டையாக விரித்தேன். ஸ்கேன் மென்பொருள் தானாக விரிக்கும்போது ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறடிக்கும்; ஒவ்வொரு வெட்டிலும் முக்கோணங்களின் முனைகள் இரட்டிக்கும். கையால் வெட்டியபோது சுமார் 36,000 முனைகளில் முடிந்தது. 65,535-க்குள் இருந்தால் முனை எண்களை நான்கு பைட்டுக்குப் பதில் இரண்டு பைட்டில் எழுதலாம்.

அசல் வடிவத்தின் நுணுக்கத்தைச் சிறிய வடிவத்துக்குப் பதிப்பதை பேக்கிங் என்கிறோம். நான் பிளெண்டர் மென்பொருளில் செய்கிறேன். இங்கே இரண்டு இடங்களில் சறுக்கும். முதலாவது, கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்து. சிறிய வடிவத்திலிருந்து புறப்படும் கதிர் எல்லை மீறி நீண்டால் கையின் விவரத்தை இடுப்பில் எழுதிவிடும். அழுக்குத் தேய்த்தது போன்ற திட்டுகள் தெரிந்தால் இதுதான் காரணம். கதிரின் நீளத்தைக் குறைத்து மறுபடி பதிக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் வஞ்சகமானது. நார்மல் மேப்பின் பச்சை நிறத் தளத்தைச் சில மென்பொருள்கள் தலைகீழாக எழுதுகின்றன. glTF என்னும் முப்பரிமாணக் கோப்பு வகைக்குப் பச்சை மேல்நோக்கிய சாய்வைக் குறிக்க வேண்டும். தலைகீழானால் குழித்த கோடுகளில் கிடைமட்டமானவை மட்டும் புடைப்பாகத் தெரியும். செங்குத்துக் கோடுகள் சரியாகவே இருக்கும். பாதி சரியாக இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சோதனை எளிது: மேலிருந்து ஒளி விழச் செய்து, கிடைமட்டமாகக் குழித்த ஒரு கோட்டைப் பாருங்கள். கோட்டின் கீழ்ச்சுவர் வெளிச்சமாகவும் மேல்சுவர் நிழலாகவும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பச்சைத் தளத்தைத் திருப்ப வேண்டும்.

இனி படங்களைச் சுருக்குவது. KTX2 வகைப் படம் கிராபிக்ஸ் சில்லுக்குள்ளும் சுருங்கிய நிலையிலேயே இருக்கும். நிறப் படத்துக்கு ETC1S என்னும் சுருக்குமுறை போதும். நார்மல் மேப்புக்கு அதைப் பயன்படுத்தினால் கல் சதுரம் சதுரமாகப் பளபளக்கும், அதற்கு UASTC. gltf-transform என்னும் கட்டளைக் கருவியில் இப்படி எழுதலாம்; கடைசி வரி முக்கோணங்களைச் சுருக்குவது:

```
gltf-transform uastc silai.glb s1.glb --slots "normalTexture" --level 4 --zstd 18
gltf-transform etc1s s1.glb s2.glb --slots "baseColorTexture" --quality 255
gltf-transform meshopt s2.glb silai_ar.glb
```

2048 அளவில் நிறப் படம் 2 எம்பி, நார்மல் மேப் 4 எம்பி, மிப்மேப்புடன் சேர்த்து 8 எம்பி. முன்பு ஒரு ஜிபிக்கு மேல் இருந்தது இதுதான். உங்கள் செயலி KTX2-ஐ ஏற்காவிட்டால் 2048 JPEG-ஐயே வைத்துக்கொள்ளலாம்; இரண்டு படங்களும் 43 எம்பி பிடிக்கும், செயலி விழாது. பளபளப்புக்கெனத் தனிப் படம் வேண்டாம். மெருகேற்றாத கல்லுக்கு உலோகத்தன்மை 0, சொரசொரப்பு 0.9 என்று இரண்டு எண்களே போதும்.

என்னால் சரிசெய்ய முடியாத குறை ஒன்றும் அந்தக் கோப்பில் இருந்தது. வெயிலில் படம் எடுத்ததால் தாடையின் நிழல் கழுத்தில் கறுப்பாகப் பதிந்திருந்தது. ஏ.ஆர். செயலி அறையின் ஒளியைக் கணித்துத் தன் நிழலையும் சேர்க்கும்போது சிற்பத்துக்கு இரண்டு சூரியன்கள். மெல்லிய நிழலை மென்பொருளால் ஓரளவு வெளுக்கலாம். கூர்மையான விளிம்புள்ள நிழலை அழித்தால் அதன் கீழிருந்த கல்லின் நிறமும் பொய்யாகும். மேகமூட்டமான நாளில் மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

சோதிக்கும்போது முதல் நிமிடத்தை நம்ப வேண்டாம். ஏ.ஆரில் கேமராவும் இடங்காணும் கணக்கும் இடைவிடாமல் ஓடுவதால் கைப்பேசி சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் பத்து நிமிடம் சிற்பத்தைச் சுற்றி நடந்துவிட்டு அதன் பிறகே பிரேம் வேகத்தைக் குறித்துக்கொள்கிறேன். புதிய கோப்பு முதல் நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் நொடிக்கு 30 பிரேமில் நின்றது. கைப்பேசியின் முதுகு மட்டும் சற்று வெதுவெதுப்பாக இருந்தது.