புத்தகம் வந்ததும் புள்ளியைப் பாருங்கள்

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் புத்தகத் தயாரிப்பைக் கவனித்துக்கொள்கிறேன். காகிதம் வாங்குவது, அச்சகத்துக்கு ஃபைல் அனுப்புவது, பைண்டிங் முடிந்து வரும் பிரதிகளைப் புரட்டிப் பார்ப்பது எல்லாம் என் வேலை. வாசகர்களிடமிருந்து வரும் புகாரும் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை பேசினார். “சார், உங்க நாவலை ஆன்லைன்ல வாங்கினேன். எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு. 450 ரூபாய் விலை போட்டுட்டு இப்படியா அச்சடிப்பீங்க?” குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். 259 ரூபாய், டெலிவரி இலவசம் என்றார்.

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் அந்தப் புத்தகத்தைக் கடைக்காரர்களுக்கு 35 சதவீதக் கழிவில் கொடுக்கிறோம். அதாவது, கடைக்காரருக்கே 292 ரூபாய் ஐம்பது காசு ஆகிறது. அதைப் பார்சல் கட்டி, கூரியர் செலவையும் ஏற்று, 259-க்கு விற்றால் அவருக்கு என்ன மிஞ்சும்? தேங்கிய பழைய இருப்பைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் விலையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால், புத்தகத்தை உற்றுப் பார்க்க அது போதுமான காரணம்.

“டீச்சர், ஏதாவது ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து, நன்றாக ஜூம் செய்து ஒரு படம் அனுப்புங்கள்” என்றேன். வந்த படத்தில் ஒரு வரியில் ‘காற்றில்’ என்ற சொல் கிட்டத்தட்ட ‘காறறில’ என்று இருந்தது. ற்-இன் புள்ளி காணவில்லை. ல்-இன் புள்ளி எழுத்தோடு ஒட்டி, ஒரு கறை மாதிரி நின்றது. இரண்டு வரி தள்ளி, ‘கண்ணாடி’யில் ணகரத்தின் சுழிகள் மை அடைத்து மூடியிருந்தன.

தமிழ்ப் புத்தகத்தில் திருட்டுப் பதிப்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் புள்ளிதான். நாங்கள் அச்சகத்துக்கு அனுப்பும் பி.டி.எஃப்-இல் எழுத்துகள் கோட்டு வடிவமாக இருக்கும். அச்சடிக்கும் தகடான பிளேட்டில் எவ்வளவு சிறிய புள்ளியும் முழுதாக விழும். திருட்டுப் பதிப்பு போடுகிறவரிடம் அந்த ஃபைல் இருக்காது. கடையில் ஒரு பிரதி வாங்கி, தையலைப் பிரித்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வார். காகிதத்தின் பழுப்பு தெரியக் கூடாது என்று கான்ட்ராஸ்டைக் கூட்டுவார். அப்போது வெளிறிய புள்ளிகள் காகிதத்தோடு சேர்ந்து மறைந்துவிடும். தடித்தவை பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் புத்தகத்தில் இவ்வளவு சீக்கிரம் இது கண்ணில் படாது. நம் எழுத்தில் பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருப்பதால் தப்பிக்க வழியில்லை.

அடுத்து, பக்கங்களை வேகமாகப் புரட்டிப் பக்க எண்களைக் கவனிக்கச் சொன்னேன். மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்வது எங்கள் புத்தகத்திலும் உண்டு. ஆனால், ஒரு பக்கத்தில் வரிகள் நேராகவும் அடுத்த பக்கத்தில் சற்றுச் சாய்ந்தும் இருந்தால் அது ஸ்கேனரில் தாள் கோணலாக விழுந்ததன் அடையாளம். அவர் பிரதியில் அப்படித்தான் இருந்தது. எங்கள் புத்தகம் 352 பக்கம், 70 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேட் காகிதம். கனம் ஏறத்தாழ 2 செ.மீ. வரும். அவர் ஸ்கேல் வைத்து அளந்தபோது ஒன்றரை செ.மீ.கூட வரவில்லை. மெல்லிய காகிதம் என்பதால் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிந்தது. அட்டையில் நாங்கள் தலைப்புக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு கொடுத்திருந்தோம், விரல் வைத்தால் மேடாகத் தட்டுப்படும். அவருடையதில் எல்லாம் ஒரே வழவழப்பு.

இவை எல்லாம் சேர்ந்தாலும் விற்பனையாளர் “அச்சகக் குறைபாடு” என்று சொல்லித் தப்பிக்கலாம். உறுதியான ஆதாரம் 143-ஆம் பக்கத்தில் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கதாபாத்திரத்தின் பெயர் தவறாக அச்சாகியிருந்தது. மூன்றாம் பதிப்பில் அதைத் திருத்திவிட்டோம். டீச்சர் வாங்கிய பிரதியின் இம்பிரின்ட் பக்கத்தில், அதாவது பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தில், ‘ஐந்தாம் பதிப்பு’ என்று இருந்தது. ஆனால் 143-ஆம் பக்கத்தில் பழைய தவறு அப்படியே இருந்தது. யாரோ எங்கள் முதல் அல்லது இரண்டாம் பதிப்பை ஸ்கேன் செய்து, இம்பிரின்ட் பக்கத்தை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். ஐ.எஸ்.பி.என். எண் சரியாகவே இருந்தது. அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டு அசல் என்று நம்பிவிடாதீர்கள், அசலைப் பார்த்து அப்படியே போட்டுவிட யாராலும் முடியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வரும் ‘பைரசி காப்பி’ புகார்களில் கணிசமானவை பைரசி அல்ல.

ஒன்று, டிஜிட்டலில் அச்சடித்த பிரதிகள். மெதுவாக விற்கும் பழைய தலைப்புகளை இப்போது ஐம்பது, நூறு பிரதிகளாகவே போடுகிறோம். அந்த அளவுக்குப் பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட் முறை கட்டுப்படியாகாது. இந்தப் பிரதிகளில் கறுப்பு சற்று மினுங்கும். படங்களில் பட்டை பட்டையாகத் தெரியலாம். ஆனால் புள்ளிகள் கூர்மையாக இருக்கும், வரிகள் சாயாது. இது முறையான பிரதி. தரம் பிடிக்கவில்லை என்றால் பதிப்பகத்திடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று பைண்டிங் தவறு. 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் இரண்டு முறை சேர்ந்துவிடும், அல்லது விடுபட்டுவிடும், சில சமயம் தலைகீழாகவும் வரும். 64-ஆம் பக்கத்துக்குப் பிறகு நேரே 81 வந்தால் அது எங்கள் பிழை. பதிப்பகத்துக்கு ஒரு படம் அனுப்பினால் மாற்றுப் பிரதி வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் கேள்வி கேட்காமல் அனுப்புகிறோம்.

மூன்றாவது, உரிமைக்காலம் முடிந்த நூல்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்வரைதான் பதிப்புரிமை. கல்கி 1954-இல் மறைந்தார், அவர் நூல்கள் நாட்டுடைமையும் ஆகிவிட்டன. ‘பொன்னியின் செல்வ’னை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பல பதிப்பகங்கள் அச்சிடவும் செய்கின்றன. மோசமான காகிதத்தில், பிழைகளோடு, ஏன் பாதி சுருக்கியும்கூட ஒரு பதிப்பு வரலாம். அதைத் திருட்டுப் பதிப்பு என்று புகார் செய்ய முடியாது. ஆனால், விற்பனைப் பக்கத்தில் ஒரு பதிப்பகத்தின் அட்டையைக் காட்டிவிட்டு வேறொன்றை அனுப்பினால், அல்லது முழுப் பதிப்பு என்று சொல்லிச் சுருக்கத்தை அனுப்பினால், சொன்ன பொருளைத் தரவில்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த மாதிரி நூல்களை வாங்கும்போது தலைப்பைவிடப் பதிப்பகத்தின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் பார்ப்பது நல்லது.

நான்காவது, கேட்ட பதிப்புக்குப் பதில் வேறு பதிப்பு வந்தது என்ற புகார். இந்தக் குழப்பத்துக்கு எங்கள் துறையின் பழக்கமும் ஒரு காரணம். தமிழில் ‘ஐந்தாம் பதிப்பு’ என்பது பல நேரம் ஐந்தாவது முறை அச்சானது என்று மட்டுமே பொருள். ‘திருத்திய பதிப்பு’, ‘விரிவாக்கிய பதிப்பு’ என்று இருந்தால்தான் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. கதைப் புத்தகத்தில் ஐந்துக்குப் பதில் நான்கு வந்தால் பெரும்பாலும் இழப்பில்லை. சட்டம், வரி, போட்டித் தேர்வு நூல்களில் பழைய பதிப்பு வந்தால் அந்தப் பணம் வீண்.

சரி, டீச்சர் கதைக்கு வருவோம். அவர் பார்சலைப் பதினோராம் நாள்தான் பிரித்திருக்கிறார். ஏழு நாள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது என்று ஆப் காட்டியது. அந்தக் கெடு அந்த நிறுவனம் வைத்துக்கொண்ட விதி. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது போலியான பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் தளத்திலேயே இருக்கும், பக்கத்தின் அடியில் தேடிப் பாருங்கள்.

புகாரில் ‘தரம் சரியில்லை’ என்று எழுத வேண்டாம், ‘அசல் அல்ல, திருட்டுப் பதிப்பு’ என்று எழுதுங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். ரிட்டர்ன் காரணம் கேட்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். ‘பிடிக்கவில்லை’ என்று தேர்ந்தெடுத்தால் புத்தகம் அதே விற்பனையாளரிடம் திரும்பிப் போய், அடுத்த வாசகரின் வீட்டுக்குப் போகும். நாங்கள் பதிப்பகத்தின் சார்பில் இரண்டு பிரதிகளின் 143-ஆம் பக்கப் படங்களையும் அருகருகே வைத்து, ‘இது எங்கள் அச்சு அல்ல’ என்று ஒரு கடிதம் கொடுத்தோம். அதையும் இன்வாய்ஸையும் அவர் இணைத்து அனுப்பினார். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று முடிவு செய்திருந்தோம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் பணம் திரும்பி வந்தது.

புத்தகத்தை எடுத்துப் போக ஆள் வருவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆதாரம் அந்தப் பிரதிதான், அது கையைவிட்டுப் போனால் எங்களிடம் ஒன்றும் இருக்காது. அதனால் பார்சல் உறையின் லேபிள், இன்வாய்ஸில் உள்ள விற்பனையாளர் பெயரும் முகவரியும், அட்டை, முதுகு, இம்பிரின்ட் பக்கம், புள்ளி போன இரண்டு மூன்று பக்கங்கள், ஸ்கேல் வைத்த கனம் எல்லாவற்றையும் படமெடுத்து வாங்கிக்கொண்டேன். “இதுல நான் மாட்டிக்க மாட்டேனே சார்?” என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். பலருக்கு இந்தத் தயக்கம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. படிப்பதற்காக ஏமாந்து வாங்கியவரை அது தொடுவதில்லை.

அந்த விற்பனைப் பக்கம் நீக்கப்பட்டது. ஐந்தாறு வாரத்தில் வேறொரு விற்பனையாளர் பெயரில், அதே விலையில், அதே நாவல் மறுபடி வந்தது. இந்த முறை நாங்களே ஒரு பிரதி வரவழைத்தோம். நேராக 143-ஆம் பக்கத்தைத் திறந்தேன். பழைய பெயர்தான் இருந்தது. டீச்சர் அனுப்பிய படத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியின் சிறு கோடு ஒன்று விழுந்திருந்தது. புதிய பிரதியிலும் அதே இடத்தில் அதே கோடு இருந்தது. இரண்டும் ஒரே ஸ்கேனிலிருந்து வந்தவை என்று காட்ட அந்தக் கோடு போதும். இரண்டையும் சேர்த்துத்தான் இப்போது எங்கள் வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம்.