ஏழு ஃபண்ட் இருக்கிறது, பிரிந்தது என்ன?

"ஏழு யூனிட் டிரஸ்ட் வச்சிருக்கேன் சார், ரிஸ்க்கெல்லாம் பிரிஞ்சுதான் இருக்கு." பினாங்கில் முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர்கள் மாதத்துக்கு நாலு தடவையாவது இதைக் கேட்டுவிடுவார்கள். கடைசியாக வந்த கோப்பிலும் இதே கதைதான். ஃபண்டுக்குப் பத்தாயிரம் வீதம் எழுபதாயிரம் ரிங்கிட், ஏழு ஃபண்ட், ஏழு பெயர். முதல் மூன்றும் மலேசியப் பங்கு ஃபண்ட்: ஒன்றில் 'வளர்ச்சி', இன்னொன்றில் 'டிவிடெண்ட்', மூன்றாவதில் 'வாய்ப்பு' என்று பெயர். நாலாவது ஷரியா ஃபண்ட். ஐந்தாவது ஜப்பான் நீங்கலான ஆசியா, ஆறாவது வளரும் சந்தைகள். ஏழாவதைக் கடைசியில் சொல்கிறேன், எரிச்சலே அதில்தான்.

ஒரு விஷயம் முதலில் தெளிவாகட்டும். ஒரு பங்கு ஃபண்டுக்குள்ளேயே முப்பது, நாற்பது கம்பெனி இருக்கும். அதில் ஒரு கம்பெனி கவிழ்ந்தால் மொத்தமும் போய்விடாதபடி பிரிக்கிற வேலையை அந்த ஒரு ஃபண்டே முடித்துவிட்டது. அதற்குப் பிறகும் மிஞ்சுகிற ரிஸ்க், சந்தை முழுவதும் இறங்குகிற ரிஸ்க். அதே சந்தையில் இரண்டாவது ஃபண்ட் வாங்கினால் அது குறையாது, ஐந்தாவது வாங்கினாலும் குறையாது. 2020 மார்ச்சில் மலேசியப் பங்குச் சந்தைக் குறியீடான கேஎல்சிஐ சுமார் 1,220 புள்ளி வரை விழுந்தபோது, மலேசியப் பங்கு ஃபண்ட் மூன்று வைத்திருந்தவருக்கு மூன்றும் சேர்ந்தேதான் விழுந்தன. ஃபண்டின் பெயர் வேறு, மேனேஜர் வேறு, யூனிட் விலை ஒன்றில் 25 காசு, மற்றதில் ஒரு வெள்ளி என்பதெல்லாம் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே அண்டா சாம்பாரை மூன்று கிண்ணத்தில் ஊற்றிவிட்டு மூன்று குழம்பு என்று பரிமாறுவது போலத்தான் இது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அரை மணி நேரம் போதும். ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் போடும் ஃபேக்ட் ஷீட்டை எடுங்கள். முதலில் பெஞ்ச்மார்க், அதாவது ஃபண்ட் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் அளவுகோல், என்ற வரியைப் பாருங்கள். இரண்டு ஃபண்டுக்கும் அந்த வரி ஒன்றாக இருந்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும். பிறகு, அதிகம் வைத்திருக்கும் பங்குகளின் பட்டியல். சில தாள்களில் ஐந்து பெயர் இருக்கும், சிலவற்றில் பத்து. இரண்டு ஃபண்டின் பட்டியலையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதுங்கள்: A பத்தியில் கம்பெனி, B-யில் முதல் ஃபண்டில் அதன் சதவீதம், C-யில் இரண்டாவதில். ஒன்றில் இல்லாத கம்பெனிக்கு அங்கே காலியாக விடாமல் 0 போடுங்கள். D-யில் இரண்டில் எது சிறியதோ அது:

```
=MIN(B2,C2)
```

D பத்தியைக் கூட்டினால் வருவதுதான் இரண்டு ஃபண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் அளவு. சிறிய எண்ணை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் 9, மற்றதில் 8 என்றால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 8தான்.

கோப்பிலிருந்த 'வளர்ச்சி'யையும் 'டிவிடெண்ட்'டையும் இப்படி எதிரெதிரே வைத்தோம். எண்களைப் படிக்க வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன். மேபேங்க் 9, 8. பப்ளிக் பேங்க் 6, 7. சிஐஎம்பி இரண்டிலும் 8. தெனாகா 8, 6. காமுடா 5, 4. சிறியவற்றைக் கூட்டினால் 32 சதவீதம். முதல் ஃபண்டின் பத்துப் பெயரும் சேர்ந்தே 55 சதவீதம்தான். ஆக, கண்ணுக்குத் தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் ஒரே சரக்கு.

இந்த 32 கீழ் எல்லை மட்டுமே. பட்டியலில் பதினொன்றாவது பெயரிலிருந்து கீழே இருப்பது தாளில் வராது. ஐஎச்எச் முதல் ஃபண்டில் 4 சதவீதம், இரண்டாவதின் பட்டியலில் இல்லவே இல்லை. அதற்காக அங்கே பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அதன் பத்தாவது பங்கு 3 சதவீதம் என்றால், ஐஎச்எச் மூன்று வரை உள்ளே ஒளிந்திருக்கலாம். சந்தேகம் தீர ஆண்டறிக்கையோ அரையாண்டறிக்கையோ பாருங்கள், அதில் எல்லாப் பங்கும் இருக்கும். கொஞ்சம் பழைய தேதியாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கோப்பில் முழுப் பட்டியலைப் போட்டதும் 32 என்பது 51 ஆனது. என் வழக்கத்தில் 20க்குக் கீழே என்றால் கவலையில்லை, 50ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்று வேண்டாதது.

கம்பெனிப் பெயர்களில் ஏமாறாதீர்கள். மேபேங்க் பல அறிக்கைகளில் மலாயன் பேங்கிங் என்றுதான் வரும். தைவானின் டிஎஸ்எம்சி ஒரு ஃபண்டில் தைவான் பங்காகவும், இன்னொன்றில் அதே பங்குக்கு ஈடாக நியூயார்க்கில் விற்கப்படும் ஏடிஆராகவும் இருக்கும். அலிபாபாவும் அப்படித்தான், ஹாங்காங்கிலும் உண்டு, நியூயார்க்கிலும் உண்டு. இவற்றை ஒரே வரியில் சேர்க்காவிட்டால் கணக்கு பொய் சொல்லும். கோப்பின் ஐந்தாவது, ஆறாவது ஃபண்டில் இதுதான் நடந்தது. ஆசியா என்றாலும் வளரும் சந்தைகள் என்றாலும் மேலே நிற்பது டிஎஸ்எம்சி, டென்சென்ட், சாம்சங்தான். ஆறாவது, வேறொரு ஃபண்டையே வாங்கி வைக்கும் ஃபீடர் ஃபண்ட் வேறு. அதன் தாளில் 'டார்கெட் ஃபண்ட்' என்று ஒரே வரி, கிட்டத்தட்டப் பணம் முழுவதும் அதில். அந்த டார்கெட் ஃபண்டின் தாளைத் தேடித் திறந்தால்தான் சரக்கு தெரியும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

ஷரியா ஃபண்ட் பரவாயில்லை. வட்டி வாங்கும் வழக்கமான வங்கிகள் அதில் வராது என்பதால் முதல் மூன்றோடு தெனாகா, காமுடா மாதிரி சிலதுதான் பொதுவாக வந்தன. ஆனால் இரண்டு மலேசிய ஷரியா ஃபண்ட் வைத்திருந்தால் உஷார். வங்கிகளை எடுத்துவிட்டால் பெரிய பங்குகள் கொஞ்சம்தான் மிஞ்சும், எல்லா மேனேஜரும் அங்கேதான் போயாக வேண்டும்.

இப்போது ஏழாவது. அது ஐந்தாவதே! அதே ஃபண்டின் ரிங்கிட் ஹெட்ஜ்டு வகுப்பு. பங்கு ஒவ்வொன்றும் ஒன்றே, நாணயமாற்று ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் ஒரு தடுப்பு. இதைத் தனி ஃபண்டாக எண்ணிச் சொன்ன ஏஜெண்டுக்கு என்ன சொல்ல?

ஏழு ஃபண்ட் என்றால் ஏழு மடங்கு கட்டணம் என்று பயமுறுத்துவோரும் உண்டு, அது தப்பு. ஆண்டுக் கட்டணம் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு தடவைதான் போகும். நஷ்டம் வேறு இடத்தில். ஒரு மேனேஜர் தெனாகாவைக் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார், மலேசியப் பங்கு ஃபண்ட் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தையின் இண்டெக்ஸ் மாதிரியே ஆகிவிடும். அந்த இண்டெக்ஸை அப்படியே பின்பற்றி, பங்கு மாதிரியே சந்தையில் விற்கப்படும் ஈடிஎஃப் ஆக வாங்கினால் செலவு குறைவு. மேனேஜரின் திறமைக்கென்று கொடுத்த கூடுதல் கட்டணம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

ஓய்வுகாலச் சேமிப்பான இபிஎஃப்பிலிருந்து எடுத்து மலேசியப் பங்கு ஃபண்ட் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். இபிஎஃப்பே மேபேங்க், தெனாகா போன்ற கம்பெனிகளில் பெரிய பங்குதாரர். விற்பனைக் கட்டணம் கொடுத்து அதே கம்பெனிகளுக்குத்தான் திரும்பிப் போகிறீர்கள்.

கணக்குப் போட்ட அன்றே எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள். முதலில், ஒன்றின்மேல் ஒன்று விழும் ஃபண்டுக்கு மாதாமாதம் போகும் பணத்தை நிறுத்துங்கள். பிறகு, அதே நிறுவனத்துக்குள் வேறு வகை ஃபண்டுக்கு சுவிட்ச் செய்ய எவ்வளவு என்று கேளுங்கள், விற்று மறுபடி வாங்கி விற்பனைக் கட்டணம் கட்டுவதைவிட அது பெரும்பாலும் மலிவு. இபிஎஃப் பணத்தில் வாங்கியதை 55 வயதுக்கு முன் விற்றால் பணம் கைக்கு வராது, இபிஎஃப் கணக்குக்கே திரும்பும். அதை நம்பி எந்தச் செலவுக்கும் நாள் குறிக்காதீர்கள்.

எட்டாவது ஃபண்டுக்கான பாரத்தை யாராவது நீட்டினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அண்ணே, இதுக்கும் என்கிட்ட இருக்கிறதுக்கும் பொதுவா எத்தனை சதவீதம்?" எண்ணை எழுத்தில் தரட்டும். அதுவரை பேனாவை மூடியே வையுங்கள்.